பாண், ரொட்டி, பிரெட்: ஒரு பண்டமும் அதன் தமிழ்ப் பெயர்களும்

கோதுமையின் வெள்ளை மாவைப் புளிக்கவைத்து, அச்சில் இட்டு, மூடிய அடுப்பில் சுட்டெடுக்கும் பண்டம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக் கடையில் அதற்குப் பெயர் பாண். மதுரையில் பிரெட். மலேசியாவின் கிள்ளானில் ரொட்டி. மூன்று ஊரிலும் அதைக் கேட்டு வாங்குபவர்கள் தமிழர்களே. ஆனால் யாழ்ப்பாணத்தவர் மதுரைக் கடையில் "பாண் இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் வெற்றிலைப் பானைத்தான் நினைப்பார். கிள்ளான்காரர் யாழ்ப்பாணத்தில் "ரொட்டி" என்று கேட்டால், தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டி, கல்லில் சுட்ட தட்டையான பண்டம் கைக்கு வரும்.

இப்படிப்பட்ட வேறுபாடுகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் சுருக்கமானது. இலங்கையைப் போர்த்துக்கீசர் ஆண்டார்கள், அதனால் பாண். தமிழ்நாட்டை ஆங்கிலேயர் ஆண்டார்கள், அதனால் பிரெட். மலேசியாவில் மலாய் மொழி இருந்தது, அதனால் ரொட்டி. இதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. ஒரு பொருளின் பெயரை ஆட்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பொருள் எந்தத் தொழில்நுட்பத்தோடு வந்தது, அன்றாடச் சாப்பாட்டில் அதற்கு என்ன இடம் கிடைத்தது, அதன் பக்கத்தில் ஏற்கெனவே எந்தச் சொல் குடியிருந்தது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகிறது. அதிலும் மூன்றாவதை ஆய்வாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. இந்தக் கட்டுரையின் அக்கறை பெரும்பாலும் அதன் மீதுதான்.

பாணிலிருந்து தொடங்கலாம். போர்த்துக்கீசர் இலங்கைக் கரைக்கு வந்தது 1505-இல். யாழ்ப்பாண அரசு 1619-இல் அவர்கள் கைக்கு முழுமையாகப் போனது. 1658-இல் ஒல்லாந்தர் அதைப் பறித்துக்கொண்டார்கள். நேரடி ஆட்சி நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலத்துச் சொற்கள் இன்றும் ஈழத்து வீடுகளில் இறைந்து கிடக்கின்றன. நாற்காலி அங்கே கதிரை, கைக்குட்டை லேஞ்சி, செருப்புக் கடையில் விற்கும் மூடுகாலணி சப்பாத்து, சமையலறை குசினி, கடப்பாரை அலவாங்கு. பாணும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். சிங்களத்திலும் அதே சொல்தான் வழங்குகிறது. கோவாவிலும் மும்பையிலும் பாவ் என்று ஆனதும், ஜப்பானில் பன் என்று நிலைத்ததும் அதே போர்த்துக்கீசச் சொல்லின் பிள்ளைகள்.

பாண் தனியாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஈழத்தில் பாண் சுடும் பெரிய அடுப்புக்குப் போறணை என்று பெயர். அதுவும் போர்த்துக்கீச மூலம் கொண்டது. பிஸ்கட்டுக்கு அங்கே பழகிய பெயர் விசுக்கோத்து; அதுவும் அப்படியே. ஆக, பண்டமும், அதைச் சுடும் அடுப்பும், அதன் உறவுப் பண்டமும் ஒரே வீட்டிலிருந்து வந்த சொற்கள். இது தற்செயல் அல்ல. தமிழர் அடுக்களையின் வெப்பம் கீழேயிருந்து வருவது. தோசைக்கல், ஆப்பச்சட்டி, இட்லிப் பானை எல்லாம் அடியிலிருந்து சூடேறுபவை. நான்கு பக்கமும் மூடி, சுவர்களையே சூடாக்கி, அந்தச் சூட்டில் மாவை வேகவைக்கும் அடுப்பு நம்மிடம் இல்லை. அது கட்டத் தெரிந்தவர்களோடு வந்தது. ஒரு பொருளை மட்டும் கொண்டுவந்தால் அதற்கு உள்ளூர்ப் பெயர் வைத்துவிடலாம். அப்பம், பிட்டு என்று ஏதோ ஒன்றின் பெயரை நீட்டிக்கொள்ளலாம். தொழிலே வரும்போது தொழிலாளியின் வாயிலிருக்கும் சொற்களும் கூடவே வருகின்றன.

நீட்டிக்கொள்வதற்கு நல்ல எடுத்துக்காட்டு தமிழ் விவிலியம். அதில் இந்தப் பண்டத்துக்கு அப்பம் என்றே பெயர். இருகரைத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் ஐந்து அப்பங்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் கோயிலில் அப்பம் என்று கேட்டுவிட்டு வெளியே வந்து, கடையில் போய் அந்தச் சொல்லால் யாரும் பாண் வாங்குவதில்லை. ஈழத்தில் அப்பம் என்றால் ஓரம் முறுகிய, நடுவில் மெத்தென்ற அரிசிமாப் பண்டம். தமிழ்நாட்டில் அதுவே ஆப்பம். அப்பம் என்றால் பெரும்பாலும் வெல்லம் சேர்த்த இனிப்பு. அந்த இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அதனால் விவிலியத்தின் அப்பம் வழிபாட்டுச் சொல்லாகவே நின்றுவிட்டது.

இனி, ஆட்சிதான் காரணம் என்ற விளக்கத்தை உரசிப் பார்க்கலாம். போர்த்துக்கீசர் தமிழ்நாட்டுக் கரையிலும் இருந்தார்கள். சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் குடியிருந்தார்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் அவர்கள் வழியாகக் கத்தோலிக்கர் ஆனார்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பாதிரி எல்லாம் தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்ட போர்த்துக்கீசச் சொற்கள். ஆனாலும் பாண் இங்கே ஊன்றவில்லை. மலாக்காவில் அவர்கள் 1511 முதல் 1641 வரை ஆண்டார்கள். மலாய் மொழி வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் முள்கரண்டிக்கும்கூடப் போர்த்துக்கீசச் சொற்களை எடுத்துக்கொண்டது. இந்தப் பண்டத்துக்கு மட்டும் இந்தியாவிலிருந்து போன ரொட்டி என்ற சொல்லையே வைத்துக்கொண்டது. ஆட்சி காரணமென்றால், யாழ்ப்பாணத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் குறைவான ஆட்சி செய்ததை மலாக்காவில் 130 ஆண்டு ஆட்சி ஏன் செய்யவில்லை?

இதற்கு என் விடை, ரொட்டி என்ற சொல் எங்கே முந்திக்கொண்டது என்பதுதான். ரொட்டி இந்துஸ்தானியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். நவாபுகளின் படைகளும், உருது பேசும் முஸ்லிம் சமையற்காரர்களும், வடக்கிலிருந்து வந்த வணிகர்களும் நடமாடிய ஊர்களில் அது முன்பே பழகியிருந்தது. கோதுமை மாவில் சுட்ட எதையும் அதற்குள் அடக்கிவிடலாம். வெள்ளைக்காரர்களின் பண்டம் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபோது, அதையும் ரொட்டி என்றே சொல்லிவிட்டார்கள். ஈழத்துக் கரையோரத்தில் அந்த வடக்கத்திச் செல்வாக்கு அவ்வளவு இல்லை. அங்கே பாண் வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

ஒரு சொல் ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் பக்கத்துச் சொற்களும் நகர வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்க, ஒரே மேசையில் ஐந்து பண்டங்களை வைத்து, மூன்று நாட்டவரிடமும் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்கலாம். அச்சில் சுட்டது ஒன்று, கைப்பிடி அளவான இனிப்பு உருண்டை ஒன்று, புளிக்காத மாவைத் தட்டிச் சுட்டது ஒன்று, எண்ணெய் தடவி வீசி அடுக்கடுக்காக மடித்தது ஒன்று, காய்ந்து மொறுமொறுப்பானது ஒன்று.

யாழ்ப்பாணத்தவர் முதலாவதைப் பாண் என்பார். இரண்டாவது பணிஸ். ஆங்கிலத்தின் பன்மை வடிவம் அப்படியே ஒருமையாகி நின்றதால், ஒன்றே ஒன்று இருந்தாலும் "ஒரு பணிஸ்"தான். மூன்றாவது ரொட்டி, பலர் றொட்டி என்றே எழுதுவார்கள். நான்காவதும் பெரும்பாலும் ரொட்டிக் குடும்பம்தான்: வீச்சு ரொட்டி, அதைக் கொத்தினால் கொத்து ரொட்டி. ஐந்தாவது விசுக்கோத்து. இதில் பாணும் ரொட்டியும் எங்குமே மோதிக்கொள்ளவில்லை. போறணையில் வெந்தது பாண், கல்லில் வெந்தது ரொட்டி என்று எல்லை தெளிவாக இருக்கிறது.

தமிழ்நாட்டவருக்கு முதலாவது பிரெட், இரண்டாவது பன், மூன்றாவது சப்பாத்தி, நான்காவது பரோட்டா, ஐந்தாவது பிஸ்கட். ஈழத்தின் கொத்து ரொட்டி இங்கே கொத்து பரோட்டா. வீச்சு ரொட்டி வீச்சு பரோட்டா. ஐந்து பண்டங்களில் ஒன்றுக்கும் ரொட்டி என்ற பெயர் இல்லை! இத்தனை பழைய சொல் எங்கே போனது? மூத்த தலைமுறையில் முதலாவது பண்டம்தான் ரொட்டி. ரொட்டிக்கடை என்ற சொல்லும், பாலும் ரொட்டியும் என்ற இணையும் இன்னும் முதியவர்கள் பேச்சில் உண்டு. மொழிபெயர்ப்புக் கதைகளிலும் பாடநூல்களிலும் ரொட்டித் துண்டு இன்றும் வருகிறது. ஆனால் கடையில் கேட்கும்போது சொல் மாறிவிட்டது. ஒருபுறம் சப்பாத்தியும் பரோட்டாவும் தட்டைப் பண்டங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. மறுபுறம் பிரெட் வந்து அச்சில் சுட்டதை எடுத்துக்கொண்டது. இப்போது ரொட்டிக்கு மிச்சமிருப்பது வடஇந்திய உணவகங்களின் தந்தூரி ரொட்டிதான்.

மலேசியத் தமிழர் முதலாவதை ரொட்டி என்பார். நான்காவது ரொட்டி சானாய். இரும்புத் தட்டிலோ கரியடுப்பிலோ வாட்டிய துண்டு ரொட்டி பாக்கார். மூன்றாவதைச் சப்பாத்தி என்பார். அதாவது, அங்கே ரொட்டி என்பது ஒரு பொதுப்பெயர். எந்த ரொட்டி என்பதைப் பின்னால் வரும் சொல் காட்டுகிறது. எதுவும் சேர்க்காமல் வெறும் ரொட்டி என்றால் அச்சில் சுட்டது. மலாய் மொழியின் ஒழுங்கும் அதுவே என்பதால், இரண்டு மொழி பேசும் வாய்க்கு இது இயல்பாக இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். மலேசியத் தமிழரின் ரொட்டி மலாயிலிருந்து வந்ததா, தமிழ்நாட்டிலிருந்து அவர்கள் கொண்டுபோனதா? இரண்டும் என்றுதான் நான் கருதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1938 வரை திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம் போன்ற பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் மலாயாவுக்குப் போனார்கள். அப்போது தமிழ்நாட்டில் இந்தப் பண்டத்துக்கு வழங்கிய பெயர் ரொட்டி. அவர்கள் இறங்கிய நாட்டின் மொழியிலும் அதே பெயர் இருந்தது. அதை மாற்றிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. பிறகு தமிழ்நாடு பிரெட்டுக்கு மாறியது, மலேசியா மாறவில்லை. மலாயின் தாங்கல் இல்லாமல் போயிருந்தால் அங்கும் பிரெட் எளிதாக நுழைந்திருக்கும். ஆங்கிலம் வீட்டு மொழியாகவே பெருகிவரும் சிங்கப்பூரில் பிரெட்டும் சேர்ந்து புழங்குவது இதற்குத் துணைநிற்கிறது. தாய்நாட்டில் தேய்ந்த சொல் புலம்பெயர்ந்த இடத்தில் உயிரோடிருப்பது மொழிகளில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் சும்மா கிடந்து அது பிழைப்பதில்லை. அதைப் பிடித்துநிறுத்த அங்கே ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. மலாயாவுக்குப் போனவர்களின் ஊர்களிலிருந்தே, அவர்களுக்குச் சில தலைமுறை முன்பிருந்து, இன்னொரு கூட்டம் இலங்கையின் மலைநாட்டுக்குப் போனது. முதலில் காப்பித் தோட்டங்கள், பிறகு தேயிலை. அங்கும் கங்காணி முறைதான். சாதியும் ஊரும் பேச்சும் ஏறக்குறைய ஒன்றே. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்றும் பலருடைய பேச்சில் தமிழ்நாட்டுச் சாயல் யாழ்ப்பாணச் சாயலைவிட அதிகம். பிறப்பிடம்தான் சொல்லைத் தீர்மானிக்கும் என்றால் மலையகத் தமிழரும் ரொட்டி என்றே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் பாண் என்கிறார்கள். தோட்டத்துக் கடையிலும் டவுன் பேக்கரியிலும் அந்தப் பண்டம் அந்தப் பெயரோடுதான் அவர்களுக்குக் கிடைத்தது.

அதோடு ரொட்டி என்ற சொல்லை அவர்கள் கைவிடவும் இல்லை. கோதுமை மாவை வெந்நீரோ தண்ணீரோ விட்டுப் பிசைந்து, வசதியிருந்தால் தேங்காய்ப்பூ சேர்த்து, தடிமனாகத் தட்டிச் சுட்டு, சம்பலோடு கொழுந்து மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் பண்டம் அவர்களுக்கு ரொட்டி. பலருக்கு அதுதான் காலைச் சாப்பாடு. ஒரே ஊரிலிருந்து கப்பலேறிய இரண்டு குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ரொட்டி என்று ஒரே சொல்லைச் சொல்லி, ஒருவர் தட்டையானதையும் மற்றவர் உப்பியதையும் நினைக்கிறார்கள். சொல் கூடவே போயிருக்கிறது. பொருள் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் முடிவாகியிருக்கிறது. இந்த ஆய்வில் நான் மிக உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

அடுத்தது சாப்பாட்டில் கிடைத்த இடம். இலங்கையில் பாண் ஒரு முழுநேர உணவு. அரிசிக்குப் பர்மாவை நம்பியிருந்த நாடு அது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்று, கோதுமை மா பங்கீட்டில் புகுந்தது. பிறகு வெளிநாட்டு உதவியாக வந்த மாவை மக்கள் அமெரிக்கன் மா என்றே அழைத்தார்கள். 1970-களின் தட்டுப்பாட்டில் விடியுமுன்னரே பாணுக்கு வரிசையில் நின்றதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. பாண் விலை கூடினால் அது இன்றும் நாளிதழின் முதல் பக்கச் செய்தி. பருப்புக் கறியோடோ சம்பலோடோ பாண் சாப்பிட்டு ஒரு வேளையை முடிக்கிறார்கள். இப்படி அன்றாடம் கடையில் வாங்கி, அன்றே தீர்ந்துபோகும் பண்டத்தின் பெயர் லேசில் மாறாது. அதைச் சுற்றி இன்னும் சொற்கள் கிளைக்கும். றோஸ் பாண், அச்சுப் பாண், சான்ட்விச் பாண் என்று வகைகள் வந்தன. சிங்களத்திலிருந்து, மீன் வைத்த மாலுபாண் வந்தது. ஆங்கிலத்தோடு வந்த புதுவகைகூட அங்கே பாண் என்ற வாலைச் சேர்த்துக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறது.

அளவுச் சொல் ஒன்றையும் பாண் காப்பாற்றியிருக்கிறது. "அரை றாத்தல் பாண் தாங்கோ" என்று கேட்பது இன்றும் இயல்பு. இறாத்தல் என்பது அரபு மூலம் கொண்ட பழைய எடை. ஏறத்தாழ 453 கிராம். தமிழ்நாட்டிலும் ஒருகாலத்தில் ராத்தல் வழக்கில் இருந்தது. கிலோ வந்ததும் மறைந்துவிட்டது. இலங்கையும் கிலோவுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஒரு பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே அரசு விதி. ஆனால் வாய் இன்னும் இறாத்தல் என்றே சொல்கிறது. மீனுக்கும் சீனிக்கும் கிலோ, பாணுக்கு மட்டும் இறாத்தல்.

தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே அது நெடுங்காலம் நோயாளிகளின் உணவு. காய்ச்சல் வந்தால் பாலில் நனைத்துக் கொடுப்பது, மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிக்கொண்டு போவது. உடம்பு நன்றாக இருப்பவர் அதைக் கேட்டுச் சாப்பிடுவது அரிதாக இருந்தது. எப்போதாவது வாங்குகிற பண்டத்தின் பெயர் உறுதியாக ஊன்றாது. 1965-இல் மத்திய அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் போன்ற நிறுவனங்களின், துண்டு போட்டு மெழுகுத்தாளில் சுற்றிய பொட்டலங்கள் ஊர் ஊராக வந்தபோது, மேலே அச்சிட்டிருந்த ஆங்கிலப் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது என்பது என் ஊகம். அதற்கு ஒரு சான்று அளவுச் சொல். ஈழத்தில் இறாத்தல் என்று கேட்கும் இடத்தில் தமிழ்நாட்டில் "ஒரு பாக்கெட்" என்கிறோம். பண்டம் பொட்டலமாகத்தான் இங்கே பரவியது என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

மாவின் பெயரிலும் இதே சிக்கல் இருக்கிறது; அது சமையலைக் கெடுக்கவும் செய்யும். இலங்கையில் கோதுமை மா என்றால், தவிடு நீக்கிய வெள்ளை மா. தமிழ்நாட்டில் அதன் பெயர் மைதா. தமிழ்நாட்டில் கோதுமை மாவு என்றால், சப்பாத்திக்கான, தவிட்டோடு அரைத்த மங்கல் நிற மாவு. இலங்கையில் அதை ஆட்டா மா என்பார்கள். ஈழத்துச் சமையல் குறிப்பு ஒன்றில், "இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் தேங்காய்ப்பூ, உப்பு" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒருவர் அதைப் படித்து, தன் வீட்டுக் கோதுமை மாவைப் போட்டால் என்ன ஆகும்? தவிடு அதிகத் தண்ணீரை இழுக்கும். குறிப்பில் சொன்ன அளவுக்கு மாவு இறுகி நிற்கும். தட்டும்போது ஓரங்கள் வெடிக்கும். சுட்டபின் சப்பாத்தியின் மணம் வரும், ரொட்டியின் மென்மை வராது. அவர் தன் கைப்பக்குவத்தையோ குறிப்பையோ குறை சொல்வார். இரண்டிலும் குறை இல்லை. தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் பார்த்திருப்பார். நன்றாகத் தெரிந்த சொல்லாக இருந்ததால் பார்க்கவில்லை. பாண் போன்ற சொற்களைவிட இத்தகைய சொற்கள்தான் நாடுகளுக்கிடையே பெரிய இடறல். தேங்காய்ப்பூகூட அப்படித்தான். ஈழத்தில் அது துருவிய தேங்காய். தமிழ்நாட்டில் இன்று பலருக்கு, முளைவிட்ட தேங்காய்க்குள் இருக்கும் பஞ்சு போன்ற பகுதி.

ஆங்கிலமும் வேண்டாம், போர்த்துக்கீசமும் வேண்டாம், தூய தமிழ்ச் சொல் படைத்தால் எல்லாரும் ஒன்றாகிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முயற்சியும் நடந்தது. தமிழ்நாட்டில் பேக்கரிக்கு அடுமனை என்று பெயர் வைத்தார்கள். பல ஊர்களின் கடைப் பலகைகளில் அதைப் பார்க்கலாம். அடுதல் என்றால் சமைத்தல். ஈழத்தில், குறிப்பாக வன்னியில் விடுதலைப் புலிகளின் ஆட்சி நடந்த ஆண்டுகளில், வெதுப்பகம் என்ற பெயர் பரவியது. வெதுப்புதல் என்றால் சூடேற்றி வாட்டுதல். பாணுக்கு வெதுப்பி என்றும் ஒரு பெயர் உண்டானது. இரண்டும் நல்ல தமிழ், இரண்டும் இலக்கணத்துக்குப் பொருந்தியவை, இரண்டும் வெவ்வேறு. பிறமொழிச் சொல்லை நீக்கினால் வேறுபாடு நீங்கும் என்ற எண்ணம் இங்கே பலிக்கவில்லை. ஒரே பொதுக் களம் இல்லாத இடத்தில், தூய சொற்களும் அந்தந்த நாட்டுக் கடைத்தெருவுக்குள்தான் புழங்கும். பலகையில் வெதுப்பகம் என்று எழுதிய கடைக்குள் போனவர்களும் பாண்தான் கேட்டு வாங்கினார்கள்.

1983-க்குப் பிறகு ஈழத்தமிழர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறியபோது பாண் அவர்களோடு போனது. பாரிசில் அதற்கு எதிர்பாராத ஒரு உறவும் காத்திருந்தது. பிரெஞ்சு மொழியில் இந்தப் பண்டத்தின் பெயர், மூக்கொலியோடு முடியும், பாணுக்கு மிக நெருங்கிய ஓசையுள்ள சொல். போர்த்துக்கீசச் சொல்லுக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் இலத்தீன்தான் தாய். பாரிசு நகரத்தின் மிகச் சிறந்த பகெத்துக்கான பரிசை 2023-இல் வென்றவர் இலங்கையில் பிறந்த தமிழரான தர்ஷன் செல்வராஜா. அந்த வெற்றியால், பிரான்சு அதிபர் மாளிகைக்கு ஓராண்டு பகெத் வழங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. லண்டனிலும் டொராண்டோவிலும் அப்படி ஓசை ஒத்த துணை எதுவும் இல்லை. அங்கே வீட்டுக்குள் பெற்றோர் பாண் என்றும் பிள்ளைகள் பிரெட் என்றும் சொல்வது சாதாரணம். பாரிசில் பிள்ளைகளின் வாயில் பாண் இன்னும் நெடுநாள் நிற்குமா என்பது யாராவது பொறுமையாக இருந்து ஆராயத் தக்க கேள்வி.

ஆராய விரும்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "பிரெட்டுக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால், கேட்பவரின் சொல் கேட்கப்படுபவரின் வாயில் ஒட்டிக்கொள்ளும்; அல்லது படித்தவர் என்று காட்டிக்கொள்ள, அவர் ஏட்டுச் சொல்லைச் சொல்லிவிடுவார். பண்டத்தையோ படத்தையோ காட்டி, "இதைக் கடையில் எப்படிக் கேட்டு வாங்குவீர்கள்?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் றாத்தலும் பாக்கெட்டும் சேர்ந்து வெளியே வரும். ஒரு பண்டத்தை மட்டும் காட்டவும் கூடாது. அதன் பக்கத்துப் பண்டங்களையும் வைத்தால்தான், ரொட்டி என்ற ஒரே சொல் எந்த இடத்தில் எதைக் குறிக்கிறது என்ற எல்லை தெரியும். சொற்பட்டியல்கள் பல இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகின்றன. "பாண் - ரொட்டி" என்று இரண்டு பத்தியில் எழுதி முடித்துவிடுகின்றன. யாழ்ப்பாணத்தவருக்கு அது தவறு, ஏனெனில் அவருக்கு ரொட்டி வேறு பண்டம். இன்றைய சென்னை இளைஞருக்கும் அது தவறு, ஏனெனில் ரொட்டி என்றால் அவர் தந்தூரி அடுப்பைத்தான் நினைப்பார்.

அகராதிகளில் நல்ல மாற்றம் தொடங்கியிருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இலங்கை வழக்கு என்ற குறியோடு ஈழத்துச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. பெரும் பணி அது. ஆனால் குறி ஈழத்துக்கு மட்டும் போதாது. பிரெட், மைதா, இன்றைய பொருளில் பரோட்டா ஆகியவை தமிழ்நாட்டு வழக்கு. அவற்றுக்கும் இடக்குறி வேண்டும். ரொட்டி என்ற பதிவின் கீழ், மலேசியாவில் இன்னது, யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் இன்னது, தமிழ்நாட்டில் முன்பு இன்னது, இப்போது இன்னது என்று தனித்தனியாக எழுத வேண்டும். தமிழ்நாட்டு வழக்கைக் குறியில்லாமல் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் குறி போட்டால், ஒன்று மொழி, மற்றவை கிளைகள் என்றாகிவிடும். பாணின் வயதையும் பிரெட்டின் வயதையும் பார்த்தால் அப்படிச் சொல்ல எந்த நியாயமும் இல்லை.

பதிப்பாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஈழத்து, மலையக, மலேசியக் கதைகளைத் தமிழ்நாட்டில் அச்சிடும்போது பாணைப் பிரெட் என்று திருத்தாதீர்கள். அடிக்குறிப்பில் ரொட்டி என்றும் போடாதீர்கள். விளக்கம் தேவையென்று தோன்றினால், போறணையில் சுட்டது என்று ஒரு வரி எழுதுங்கள்.